மண்டபத்தில் எத்தனை பேர்? பதிவைத் திறக்கும் முன் செய்யும் தவறுகள்

கருத்தரங்குக்கு மண்டபம் பார்க்கப் போனால் மேலாளர் சட்டென்று "ஐந்நூறு பேர் தாராளமா உக்காரலாம் சார்" என்பார். அந்த எண்ணை அப்படியே பதிவுப் படிவத்தில் போட்டுவிடுவதுதான் முதல் தவறு. அவர் சொல்வது நாற்காலிக் கணக்கு; வெளியேறும் கணக்கு அதில் இல்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் மாடியில் 24 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் ஒரு மண்டபம். மொத்தம் 360 சதுர மீட்டர். மேடை மட்டும் 60 சதுர மீட்டரை எடுத்துக்கொள்கிறது, மீதி 300. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, நகர்த்தக்கூடிய நாற்காலிகளை நெருக்கமாகப் போடும் கூடத்துக்கு ஆளுக்கு 0.65 சதுர மீட்டர் என்கிறது. வகுத்தால் 461. மேடையைக் கழிக்க மறந்தால் இது 553 ஆகிவிடும். மேலாளரின் ஐந்நூறு எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது புரியும்.

461 என்பது இடம் அனுமதிக்கும் உச்சவரம்பு மட்டுமே. அடுத்தது வாசல். பலர் கதவின் அகலத்தை அளந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மாடியில் இருக்கும் மண்டபத்தில் கதவைத் தாண்டியதும் படிக்கட்டு வருகிறது; நெரிசல் அங்கேதான். அதே விதித்தொகுப்பில் சமதளக் கதவுக்கு ஆளுக்கு 6.5 மி.மீ. அகலம், படிக்கட்டுக்கு 10 மி.மீ. நம் மண்டபத்தின் முன்படிக்கட்டு 2 மீட்டர் என்றால் 200 பேர்; பின்படிக்கட்டு 1.2 மீட்டர் (பழைய கட்டடங்களில் இப்படித்தான் இருக்கும்), 120 பேர். ஆக 320. கதவு, தாழ்வாரம், படி இவற்றில் எது மிகக் குறுகியதோ அதுதான் அந்த வழியின் அளவு. இரட்டைக் கதவில் ஒரு பலகைக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டிருந்தால், 2 மீட்டர் வாசல் 1 மீட்டராகிவிடும். அது சுமார் 150 பேருக்குத்தான் போதும்.

320 என்று பதிவைத் திறக்கலாமா? இரண்டு வழியும் கடைசிவரை திறந்திருக்கும் என்று நம்புவது இன்னொரு தவறு. தீ முன்படிக்கட்டின் அடியில் பிடித்தால்? சர்வதேசக் கட்டட விதி (ஐபிசி) இதற்கு ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறது: எந்த ஒரு வழி அடைபட்டாலும், தேவையான திறனில் பாதியாவது மிஞ்ச வேண்டும். முன்படி போனால் மிஞ்சுவது 120. எனவே உள்ளே 240 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 2003இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் 'ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியில் பிடித்த தீயில் 100 பேர் இறந்தார்கள். வேறு வழிகள் இருந்தும் பெருங்கூட்டம் தாங்கள் வந்த முன்வாசலுக்கே ஓடி அங்கே சிக்கியது. பின்வழி காகிதத்தில் இருந்தால் போதாது. சமையலறைப் பாத்திரங்களும் பூட்டும் அதை மறித்தால் உங்களுக்கு ஒரே வழிதான்; ஒரே வழி உள்ள கூடத்தில் 49 பேருக்கு மேல் ஐபிசி அனுமதிப்பதில்லை. நேரில் போய், கதவைத் தள்ளித் திறந்து, தெரு வரை நடந்து பாருங்கள்.

இனி நாற்காலி. மேடைக்கு முன்னால் 2 மீட்டரும், பின்னால் ஒலிப்பெட்டி மேசைக்கும் வாசலுக்கும் 3 மீட்டரும் விட்டால் வரிசைகளுக்கு 15 மீட்டர் ஆழம் கிடைக்கும். நாற்காலி 55 செ.மீ., முழங்காலுக்கு முன் நடக்க 35 செ.மீ.; வரிசைக்கு 90 செ.மீ. என 16 வரிசை. நடுவில் 2 மீட்டர், இரு ஓரங்களிலும் 1.2 மீட்டர் நடைவழி விட்டால் ஒரு பக்கத்துக்கு 9 நாற்காலி, வரிசைக்கு 18. ஆக 288. ஆனால் பின்படிக்கட்டுக்கான கதவு பக்கச் சுவரின் நடுவில் இருக்கிறதே! அங்கே போக குறுக்கு நடைவழிக்கு 2 வரிசையை எடுத்தாக வேண்டும். மிஞ்சுவது 252. வரைபடத்தில் அழகாக இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கூட்டம் நகர்த்திக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்தின் 9 நாற்காலிகளை மும்மூன்றாகக் கேபிள் டையால் கட்டி, நடைவழி ஓரத்தைத் தரையில் டேப் ஒட்டிக் காட்டினால் ஓரளவு நிற்கும்.

461, 252, 240. இவற்றில் சிறியதுதான் உங்கள் எண். அதையும் முழுதாகப் பதிவுக்குத் தரக் கூடாது. பேச்சாளர், தன்னார்வலர், ஒலிக்காரர், ஒளிப்பதிவாளர் எல்லாரும் அதே படியில்தான் இறங்குவார்கள். அவர்கள் 20 பேர் என்றால் படிவத்தில் 220. இலவச நிகழ்ச்சியில் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று 350 திறப்பவர்கள், வாசலில் ஒருவரைக் கவுண்ட்டரோடு நிறுத்தி 220ஆவது ஆளோடு உள்ளே விடுவதை நிறுத்தத் தயாராக இருக்க வேண்டும்.

மதியம் அதே கூடத்தில் மேசை போட்டுப் பந்தி என்றால் கணக்கு மாறும். உணவுக்கூடத்துக்கு ஆளுக்கு 1.8 சதுர மீட்டர். 300க்கு 166 பேர்தான். 220 பேரையும் இரண்டு பந்தியாகப் பிரியுங்கள். அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்கள் படிக்கட்டில் வரிசை கட்டாமல் கீழே நிற்கட்டும்.