தமிழ் முகவரியுள்ள பழைய பக்கத்தை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 2021 பிப்ரவரியில் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்கு இறங்கியது. நகரத் தகவல்கள் தரும் ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் 2019-இல் எழுதிய ‘சென்னை மெட்ரோ ரயில் கட்டண விவரம் 2019’ என்ற பக்கம் இன்னும் 70 ரூபாய் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நீக்க வேண்டும், சரி. ஆனால் அந்தப் பக்கத்தின் இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தவர்களும், தங்கள் தளத்தில் போட்டுவைத்தவர்களும் இருப்பார்கள். பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய கட்டணப் பக்கத்துக்கு அனுப்ப ஒரு ரீடைரக்ட் வேண்டும். ஆங்கில முகவரியாக இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. முகவரி தமிழில் இருந்தால் தடுக்கி விழ நிறைய இடம் உண்டு.

முதலில் நீக்கிவிட்டு, பிறகு முகவரியைத் தேடுவது

பக்கத்தைக் குப்பைக்கு அனுப்பியதும் வேர்ட்பிரஸ் அதன் ஸ்லக்கின், அதாவது தலைப்பிலிருந்து உருவாகும் முகவரிப் பகுதியின், பின்னால் `__trashed` என்று ஒட்டிவிடும். நிரந்தரமாக நீக்கினால் அதுவும் போய்விடும். பிறகு தலைப்பை வைத்து முகவரியை ஊகிப்பதும் பலிக்காது. காரணம், வேர்ட்பிரஸ் ஒரு ஸ்லக்குக்கு 200 இடம்தான் தருகிறது. முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் `%E0%AE%95` என்பதுபோல ஒன்பது இடத்தை எடுத்துக்கொள்கிறது. ‘க’ ஒரு குறியீடு. ‘கி’ இரண்டு, ‘க்’ இரண்டு. ஆக, ஏறத்தாழ 22 குறியீடுகளோடு கதை முடிந்துவிடும். நம் தலைப்பு அப்படி வெட்டுப்பட்டு இப்படித்தான் நிற்கும்:

```
/சென்னை-மெட்ரோ-ரயில்-கட்ட/
```

‘கட்டண’ என்பதன் ‘ண’கூட உள்ளே நுழையவில்லை. ‘விவரம்’, ‘2019’ எல்லாம் காணாமல் போயின. ஆகவே நீக்கும் முன்பே எடிட்டரில் இருக்கும் ஸ்லக்கை அப்படியே நகலெடுத்து ஒரு குறிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைத் திறந்து பிரவுசரின் முகவரிப் பட்டையில் இருப்பதையும் நகலெடுங்கள். இரண்டும் தேவைப்படும்.

ஏதோ ஒரு பக்கம் திறக்கிறது என்று நிம்மதி அடைவது

அதே தளத்தில் ‘சென்னை மெட்ரோ ரயில் கட்டணம்: வாசகர் கடிதங்கள்’ என்று இன்னொரு பதிவு இருக்கிறது. அதுவும் அதே இடத்தில் வெட்டுப்படும். ஒரே ஸ்லக் இரண்டு பதிவுக்கு இருக்க முடியாது என்பதால் அதற்கு `சென்னை-மெட்ரோ-ரயில்-கட்ட-2` என்று அமைந்திருக்கும்.

இப்போது 2019 பக்கத்தை நீக்கிவிட்டு, ரீடைரக்ட் எதுவும் போடாமல் பழைய முகவரியைத் திறந்து பாருங்கள். ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழை வராது. தேடும் பக்கம் இல்லையென்றால், அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு ஸ்லக் இருக்கிறதா என்று வேர்ட்பிரஸ் தானாக ஊகித்து அங்கே அனுப்பிவிடும். கட்டணம் பார்க்க வந்தவர் வாசகர் கடிதங்களில் போய் நிற்பார். தளத்தின் சொந்தக்காரர் ‘ஏதோ வேலை செய்கிறதே’ என்று விட்டுவிடுவார். நீளமான தமிழ்த் தலைப்புகளின் ஸ்லக்குகள் எல்லாம் முன்பாதியோடு வெட்டுப்படுவதால் இந்தக் குழப்பம் நம் தளங்களில் வர வாய்ப்பு மிக அதிகம்.

முகவரிப் பட்டையில் எடுத்ததை அப்படியே விதியில் ஒட்டுவது

நான் அதிகம் பார்ப்பது இந்தத் தவறைத்தான். பட்டையில் தமிழாகத் தெரிந்தாலும் நகலெடுத்து ஒட்டும்போது `%E0%AE%9A...` என்று நீளமாக வரும். அதை, சர்வருக்கான ரீடைரக்ட் விதிகளை எழுதும் `.htaccess` கோப்பில் ஒட்டினால் விதி பேசாமல் கிடக்கும். பிழைச் செய்திகூட வராது. அப்பாச்சி சர்வர் அந்தச் சதவீதக் குறிகளை எல்லாம் அவிழ்த்து, தமிழாக்கிய பிறகுதான் விதியோடு ஒப்பிடுகிறது. எனவே விதியில் தமிழே இருக்க வேண்டும்:

```
RewriteEngine On
RewriteRule ^சென்னை-மெட்ரோ-ரயில்-கட்ட/?$ /chennai-metro-fare/ [R=301,L]
```

தமிழைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். ‘ரோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சர்வருக்கு வேறு வேறு. எடிட்டரில் எடுத்து வைத்த ஸ்லக்கையே ஒட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

விதியின் கடைசியில் இருக்கும் `$` குறியை விட்டுவிட்டால், ‘இப்படித் தொடங்கும் எதுவானாலும்’ என்று பொருளாகிவிடும். அப்போது `-2` என்று முடியும் வாசகர் கடிதங்களும் கட்டணப் பக்கத்துக்கு இழுக்கப்பட்டு, யாரும் படிக்க முடியாமல் போகும். புதிய பக்கத்துக்குச் சின்ன ஆங்கில ஸ்லக் கொடுத்திருப்பதும் காரணத்தோடுதான்: வெட்டுப்படாது, விதியிலும் சிக்காது.

இந்த வரிகளை `# BEGIN WordPress` என்ற வரிக்கு மேலே வையுங்கள். அதற்கும் `# END WordPress` வரிக்கும் நடுவில் இருப்பதை வேர்ட்பிரஸ் தேவைப்படும்போது அழித்து எழுதிவிடும். உங்கள் ஹோஸ்டிங் என்ஜின்எக்ஸ் மட்டும் வைத்து இயங்கினால் `.htaccess` கோப்பை அது படிக்கவே படிக்காது. அங்கே ரீடைரக்ட் பிளகின் ஒன்றைப் போட்டுக்கொள்வதே எளிது.

பிரவுசரில் மட்டும் சோதிப்பது

301 என்பது நிரந்தர மாற்றம் என்பதால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான விதியைத் திருத்திய பிறகும் உங்கள் கணினியில் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும். முதலில் தற்காலிக மாற்றமான `R=302` என்று போட்டுச் சோதித்து, சரியானதும் 301 ஆக்குங்கள். சோதனையை டெர்மினலில் செய்வது நல்லது. பட்டையிலிருந்து எடுத்த நீண்ட முகவரி இங்கேதான் பயன்படுகிறது:

```
curl -sI "பட்டையில் எடுத்த முழு முகவரி"
```

பதிலில் 302 (பிறகு 301) என்ற எண்ணும், `location:` வரியில் புதிய முகவரியும் இருக்க வேண்டும். `x-redirect-by: WordPress` என்று ஒரு வரி தெரிந்தால் உங்கள் விதி வேலை செய்யவில்லை, வேர்ட்பிரஸ் தன் ஊகத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மாற்றுப் பக்கம் இல்லாததை எல்லாம் முகப்புக்கு அனுப்புவது

நந்தனம் புத்தகக் காட்சிக்காக ஒரு வருடம் போட்ட தள்ளுபடி அறிவிப்புக்கு இன்றைக்கு மாற்று கிடையாது. அதை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினால் வாசகர் எதற்கு இங்கே வந்தோம் என்று விழிப்பார். கூகுளும் அப்படிப்பட்ட ரீடைரக்டைப் பெரும்பாலும் ‘சாஃப்ட் 404’, அதாவது இல்லாத பக்கம், என்றே கணக்கில் எடுக்கும், பலன் ஒன்றும் இல்லை. போய்விட்டது என்று நேராகச் சொல்லும் 410 பதிலே இங்கு முறை:

```
RewriteRule ^பழைய-ஸ்லக்/?$ - [G]
```

சீக்கிரமே விதியை எடுத்துவிடுவது

குறைந்தது ஒரு வருடமாவது ரீடைரக்டை விட்டுவைக்கச் சொல்கிறது கூகுள். அது தேடுபொறிக்கான கணக்கு. வாட்ஸ்அப்பில் பரவிய இணைப்புக்கு அப்படி ஒரு கெடு கிடையாது, ஒரு வரி விதியால் சர்வருக்குச் சுமையும் இல்லை. அதனால் எடுக்காமலே இருக்கலாம். உங்கள் சொந்தத் தளத்தின் மெனுவிலும் மற்ற பதிவுகளிலும் இருக்கும் பழைய இணைப்புகளை மட்டும் ரீடைரக்டை நம்பி விடாமல் புதிய முகவரிக்கு மாற்றிவிடுங்கள். நாளைக்கு `/chennai-metro-fare/` பக்கமும் இடம் மாறினால், 2019 முகவரியின் விதியையும் திறந்து கடைசி முகவரிக்கே நேராகக் காட்டுங்கள்.