பாங்கர்ஸ் அல்கோரிதம்: எந்த வரிசையைப் பிடித்தாலும் சரி

எல்லாச் செயல்முறைகளும் முட்டிக்கொண்டு நிற்காமல் முடியக்கூடிய பாதுகாப்பான நிலையா என்று பார்க்கும்போது, மீதித் தேவை கைவசத்துக்குள் அடங்கும் எந்தச் செயல்முறையையும் யோசிக்காமல் முதலில் முடிக்கலாம். திரும்பி வந்து வேறு வரிசையை முயன்று பார்க்க வேண்டியதில்லை. ஹட்டனில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் இதற்காகவே பாதித் தாளை அழித்து அழித்து எழுதுகிறார்கள்.

மொத்த வளங்கள் A 7, B 5. யாருக்கும் கொடுக்காமல் கைவசம் இருப்பது 2 2.

```
     பெற்றது  உச்சம்  மீதித் தேவை
P0    1 1     5 4     4 3
P1    2 0     3 1     1 1
P2    2 2     4 4     2 2
```

P0 இப்போது முடியாது. P1 முடியும், அது பெற்ற 2 0 திரும்பி வர, கைவசம் 4 2. அடுத்து P2, கைவசம் 6 4. அப்புறம் P0, 7 5. முதலில் P2-ஐ எடுத்தாலும் 4 4, 5 5, 7 5 என்று அங்கேதான் வந்து நிற்கும். முடிந்த செயல்முறை தன்னிடம் உள்ளதைத் திருப்பிக் கொடுப்பதால் கைவசம் ஒருபோதும் குறையாது. அதனால் ஒன்றை முந்தி முடிப்பது இன்னொன்றைத் தடுக்காது.

எல்லாச் செயல்முறைகளும் முடிந்த பிறகும் கடைசி எண் மொத்தத்துக்குச் சமமாக வராவிட்டால் எங்கோ பிழை. பெரும்பாலும் பெற்றதைக் கூட்டாமல் உச்சத்தைக் கூட்டியிருப்பீர்கள்.

புதிய கோரிக்கை வந்தால் இது நேரடியாகப் பொருந்தாது. கோரியதைக் கொடுத்ததாக வைத்து அட்டவணையை மாற்றி எழுதிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். உச்சத் தேவை முன்கூட்டியே தெரியாத இடத்தில் இந்த முறையே உதவாது.