மாடலரையும் ட்யூப் ஆம்பையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டாருக்கு ட்யூப் ஆம்பைக் கேட்டுப் பழகியவர், அந்த ஒலியை மென்பொருளால் உருவாக்கும் மாடலரில் ஏதோ குறைகிறது என்றால் அவர் காது பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறையில் பெரும்பகுதி, ட்யூபின் நடத்தையைக் கணக்கிடும் மென்பொருளில் இருப்பதில்லை. ஸ்பீக்கரை எப்படி இணைத்தோம், எவ்வளவு சத்தத்தில் கேட்டோம் என்பதில்தான் இருக்கிறது.

முதல் தவறு, இரண்டு வேறு பொருள்களை ஒப்பிடுவது. ஸ்பீக்கர் கேபினட்டின் ஒலியைப் போலச் செய்யும் மாடலரின் கேப் சிமுலேஷன் பெரும்பாலும் ஓர் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஸ்பீக்கருக்கு மிக அருகில் மைக் வைத்து எடுத்த பதிவு அது. நிஜக் கேபினட்டையோ நாம் சில அடி தள்ளி, கோனின் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று கேட்கிறோம். ஆகவே ஸ்டுடியோ மானிட்டரில் மாடலரையும் அறையில் ஆம்பையும் கேட்டால், ஒப்பிடப்படுவது மைக்கும் அறையும்தான்.

நேர்மையாக ஒப்பிட ஒரே கேபினட்டைப் பயன்படுத்துங்கள். மாடலரில் கேப் சிமுலேஷனை அணைத்துவிடுங்கள். கிட்டார் கேபினட்டே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சரசரவென்று குறைத்துவிடும். அதற்கு மேல் சிமுலேஷனும் இருந்தால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிப்போகும். மாறாக, சிமுலேஷன் இல்லாமல் முழு அலைவரிசை ஸ்பீக்கரில் விட்டால் டிஸ்டார்ஷன் தேனீக்கூட்டம்போல் இரையும்.

அடுத்தது, மாடலரின் வெளியீட்டை ட்யூப் ஆம்பின் முன்புற இன்புட்டில் செருகுவது. ஒலி இரண்டு ப்ரீஆம்ப், இரண்டு டோன் கன்ட்ரோல் வழியாகப் போய்க் குழம்பிவிடும். பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப்பின் ரிட்டர்னில் செருகினால் ஆம்பின் ப்ரீஆம்ப் விலகிவிடும். அங்கே நிஜ ட்யூப் பவர் ஆம்ப் இருப்பதால், மாடலரிலுள்ள பவர் ஆம்ப் மாடலையும் அணைத்துக் கேளுங்கள். கேபினட் கேபிளை மாற்றும்போது ஆம்பை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். சுமை இல்லாமல் ட்யூப் ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

ட்யூப் பவர் ஆம்புக்குப் பதில் சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப் என்றால் கதை தலைகீழ். பலர் சறுக்கும் இடம் இதுதான். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் அல்ல. அதன் ஒத்ததிர்வுப் புள்ளியில், பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி, மின்தடை பல மடங்கு ஏறும். மேல் அதிர்வெண்களிலும் வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் படிப்படியாக ஏறும். ட்யூப் ஆம்பின் வெளியீட்டு மின்தடை அதிகம் என்பதால், இந்த ஏற்றங்களில் ஸ்பீக்கருக்குப் போகும் மின்னழுத்தமும் ஏறுகிறது. அடியில் கனமும் மேலே கூர்மையும் இப்படித்தான் வருகின்றன. சாலிட் ஸ்டேட் பவர் ஆம்பில் இது ஏறக்குறைய நிகழாது. அதனால் பவர் ஆம்ப் மாடலை இயக்கியே வைக்க வேண்டும். அதிலும் ஓர் எல்லை உண்டு: மாடல் ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கரின் வளைகோட்டை வைத்து எழுதப்பட்டது. உங்கள் கேபினட்டின் ஒத்ததிர்வு வேறிடத்தில் இருந்தால் தாழ்சுரம் தவறான இடத்தில் வீங்கும். ஸ்பீக்கர் வளைகோட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், ஈக்யூவை அல்ல.

கணினி ப்ளகின் பயன்படுத்துவோர் இன்புட்டில் தவறுகிறார்கள். கிட்டாரை லைன் இன்புட்டில் செருகினால் அதன் குறைந்த மின்தடை பிக்கப்பின் உயர்சுரத்தைத் தின்றுவிடும்; 1 மெகாஓம் அளவிலான ஹை-இசட் இன்புட் வேண்டும். கெயினைக் கிளிப்பிங் விளிம்புவரை ஏற்றுவதும் பிழை. மாடல் எதிர்பார்க்கும் அளவைவிட வலுவான சிக்னல் போனால், க்ளீனாக இருக்க வேண்டிய ஆம்ப் உடைந்து ஒலிக்கும். கெயினைக் குறைந்தபட்சத்தில் வைத்து, ப்ளகின் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு அங்கிருந்து சரிசெய்யுங்கள்.

சத்தத்தைச் சமன் செய்யாத ஒப்பீடும் செல்லாது. 1 டெசிபல் கூடினாலே அது "உயிரோட்டமாக"த் தோன்றும். கேட்கும் இடத்தில் சவுண்ட் மீட்டர் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இத்தனையும் சரிசெய்த பின்னும் எஞ்சும் வித்தியாசங்கள் உண்டு, அவற்றைத் தூயவாதிகள் சரியாகவே கேட்கிறார்கள். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் நேரியலானது. உரத்து வாசிக்கும்போது ஸ்பீக்கர் கோன் தானே நசுங்கி ஒலிப்பது அதில் பதிவாகாது. ஹெட்ஃபோனில், ஸ்பீக்கர் காற்றை அசைத்துத் தந்தியை மீண்டும் அதிரவைக்கும் ஃபீட்பேக் கிடையாது. நீளும் சுரத்தில் இது உடனே தெரியும்.

இன்னொன்று ஏலியாசிங். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் இயங்கும் கருவி 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் வைத்திருக்க முடியாது. டிஸ்டார்ஷனில் 35 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஹார்மோனிக் பிறந்தால், அது 13 கிலோஹெர்ட்ஸாக மடிந்து, சுரத்தோடு சேராமல் ஒலிக்கும். உள்ளே இன்னும் அதிக சாம்பிள் ரேட்டில் கணக்கிடும் ஓவர்சாம்ப்ளிங் இதைக் குறைக்கும். சோதிக்க, கெயினை முழுதாக வைத்து, கேப் சிமுலேஷனை அணைத்து, முதல் தந்தியின் உச்ச ஃப்ரெட்டில் மெதுவாகப் பெண்ட் செய்யுங்கள். சுரம் மேலே ஏற ஏற, அதற்குப் பின்னால் மெல்லிய ஊளை ஒன்று கீழே இறங்கினால் அது ஏலியாசிங். ப்ளகினில் ஓவர்சாம்ப்ளிங்கை ஒரு படி ஏற்றி மறுபடி கேளுங்கள். ஊளை மெலிந்தால் காரணம் உறுதி.