அரை மணி நேரம்தான் இருக்கிறதா? சைக்கிளில் இப்படிச் செய்து பாருங்கள்

வேலை முடிந்து டர்பனின் சாட்ஸ்வொர்த் வந்து சேர்ந்தபின் சைக்கிளுக்கு அரை மணி நேரம்தான் மிஞ்சுகிறது என்றால், ஒரே சீராக மிதிப்பதா, விட்டு விட்டு வேகமாக மிதிப்பதா? வாரத்தில் இரண்டு நாள் விட்டு விட்டு, மற்ற நாட்களில் சீராக என்பேன். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத ஆண்கள் 12 வாரம் பயிற்சி செய்தார்கள். 20 விநாடி முழுவேகம் மூன்று முறை வரும் 10 நிமிடப் பயிற்சியும், 45 நிமிடச் சீரான மிதிப்பும், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனை ஏறக்குறைய ஒரே அளவு உயர்த்தின. ஆனால் அந்த முழுவேகம் புதியவருக்கு வேண்டாம், கீழே சொல்லும் ஒரு நிமிட முறையே போதும்.

முதலில் இரண்டு மூன்று வாரம் சீராக மட்டும் ஓட்டுங்கள். பேசிக்கொண்டே மிதிக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் வேகப் பயிற்சிக்கு முன் டாக்டரைக் கேட்டே ஆகவேண்டும்.

அப்புறம் வேக நாள். 5 நிமிடம் மெதுவாகச் சூடேற்றுங்கள், 1 நிமிடம் கடினமாக, 1 நிமிடம் மெல்ல, இப்படிப் பத்து முறை, கடைசி 5 நிமிடம் தளர்வாக. சரியாக 30 நிமிடம். ஆரம்பத்தில் நாலைந்து முறை போதும், மீதி நேரத்தைச் சீராக ஓட்டி நிரப்பிவிட்டு, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டுங்கள்.

கடினம் என்றால் எவ்வளவு? 42 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 220-இல் வயதைக் கழித்தால் 178, அதுதான் இதயம் ஒரு நிமிடத்தில் துடிக்கக்கூடிய உச்ச அளவு, அதில் 90 சதவீதம் 160. இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். தவிர, இதயம் காலுக்குப் பின்னால்தான் வரும், முதல் இரண்டு சுற்றில் கடிகாரம் 140 காட்டினால் அதைத் துரத்திக்கொண்டு மிதிக்காதீர்கள், நாலாவது ஐந்தாவது சுற்றில் தானாக ஏறும். அந்த நிமிடத்தின் முடிவில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச வராது என்றால் சரியாகச் செய்கிறீர்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது முதல் நிமிடத்தில்தான். கால் புதிதாக இருப்பதால் பறக்கிறார்கள், ஆறாவது சுற்றில் மிதியே சுற்றாது. கடைசிச் சுற்றும் முதல் சுற்றும் ஒரே வேகத்தில் வரவேண்டும், வரவில்லையென்றால் அடுத்த முறை ஒரு கியர் குறைத்துத் தொடங்குங்கள்.

டர்பன் கடற்கரை நடைபாதையில் வேக நாளை வைக்காதீர்கள். குழந்தைகளும் நடப்பவர்களும் இருப்பார்கள், கடற்காற்றும் ஒரு பக்கம் தள்ளி மறு பக்கம் மறிப்பதால் வேகத்தை ஒப்பிடவே முடியாது. சீரான நாளுக்கு அந்தச் சமதளம் அருமை. வேகத்துக்கு, வண்டிகள் குறைவாக வரும் மிதமான ஏற்றம் ஒன்றைப் பாருங்கள், ஒரு நிமிடம் ஏறி, பிரேக்கில் கை வைத்தபடி மெல்ல இறங்கினால் ஓய்வும் ஆயிற்று.

வேக நாட்களுக்கு இடையில் இரண்டு நாளாவது விடுங்கள். காலையில் படுக்கையிலேயே பார்க்கும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்து, படி ஏறும்போது தொடையும் கனத்தால், அன்று சீராக மட்டும் ஓட்டுங்கள்.