வேலை போனபின் தவணையைக் குறைக்க வைத்த கடிதம்

ஓசூரில் கம்பெனி ஆட்குறைப்பில் வேலை போனது. தனிநபர் கடனில் பாக்கி 3,00,000 ரூபாய், வட்டி 14 சதவீதம், இன்னும் 30 மாதம், தவணை 11,910. கிருஷ்ணகிரி கிளையில் இரண்டு முறை வாயால் சொன்னதற்கு "பார்க்கலாம் சார்" என்றார்கள். கஸ்டமர் கேரில் புகார் எண் மட்டும் கிடைத்தது. பத்து நாள் வீண்.

வேலை செய்தது, கணக்கோடு எழுதிய கடிதம்தான். "தவணையைக் குறையுங்கள்" என்று மட்டும் எழுதினால் மேலிடத்துக்கு அனுப்ப அவர்களிடம் ஒன்றுமில்லை. "மீதியை 60 மாதமாக்கினால் தவணை சுமார் 6,980. மனைவியின் சம்பளத்திலிருந்து கட்டுவேன்" என்று எழுதி, வேலையிலிருந்து விடுவித்த கடிதம், அவர் சம்பளச் சீட்டு, ஆறு மாத ஸ்டேட்மென்ட் இணைத்தேன். நகலில் தேதியோடு முத்திரை வாங்கினேன். தவணை தவறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன், பேச்சே மாறிவிடும்.

ஒப்புதல் வந்தபின் பலரும் கவனிக்காத ஒன்று: தானாகப் பணம் எடுக்கும் நாச் ஆணை பழையபடியே இருக்கும். 11,910 எடுக்கப் பார்த்து, பணமில்லாமல் திரும்பி, அபராதம் விழலாம். ஆணையின் முடிவுத் தேதியும் பழைய 30 மாதமே. புதிய ஆணையில் கையெழுத்துப் போட்டு, பழையதை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் 6,980 மட்டுமே பிடித்தார்கள், அப்பாடா என்றிருந்தது.

மொத்த வட்டி சுமார் 61,500 கூடுகிறது. சிபில் அறிக்கையிலும் மறுசீரமைப்பு என்று பதிவாகலாம். கையெழுத்துக்கு முன் இரண்டையும் கேளுங்கள்.