புளியங்கொட்டை வைத்துப் பாலம் போடலாம்: தீவுப் புதிருக்கு ஒரு கணக்கு

வட்டங்களுக்குள் எண்கள் போட்டு, பாலங்களால் அவற்றை இணைக்கச் சொல்லும் புதிரை நீங்கள் பார்த்திருக்கலாம். ஜப்பானின் நிக்கோலி புதிர்ப் பத்திரிகையில் 1990-இல் வந்தது. அங்கே ஹாஷிவோகாகேரோ என்பார்கள், 'பாலம் போடு' என்று அர்த்தம். நம் போனில் ஹாஷி என்றோ பிரிட்ஜஸ் என்றோ கிடைக்கும்.

நான் இதை வெகுநாள் பென்சிலும் ரப்பருமாகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு லீவில் காரைக்குடி வீட்டில் கரண்ட் போன மத்தியானம், வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாக்பீஸால் ஒரு புதிரை வரைந்தேன். கல்லுக்கு ஒரு கட்டம், அளவு எடுக்கவே வேண்டியதில்லை. பாலத்துக்கு ஈர்க்குச்சி. பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "ஏப்பா, எந்த ஊருக்கு இன்னும் எத்தனை வேணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் பல்லாங்குழி டப்பாவிலிருந்து புளியங்கொட்டையை அள்ளி வைத்தார். அன்றிலிருந்து எனக்கு இதுதான் முறை.

விதிகள் கொஞ்சம்தான். தீவில் உள்ள எண், அங்கே வந்து சேர வேண்டிய பாலங்களின் எண்ணிக்கை. பாலம் நேராகக் கிடையாகவோ செங்குத்தாகவோதான் போகும், நடுவில் இன்னொரு தீவு இருந்தால் தாண்டாது. இரண்டு தீவுகளுக்கு இடையே இரண்டு பாலத்துக்கு மேல் கூடாது. பாலங்கள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. கடைசியில் எந்தத் தீவிலிருந்தும் எந்தத் தீவுக்கும் பாலம் வழியாகவே போக முடிய வேண்டும்.

அன்றைக்குப் போட்ட புதிர் இது:

```
4 . 3 . 1
. . . . .
2 . . . 2
. . . . .
1 . 3 . 2
```

பேசுவதற்கு வசதியாக ஊர்ப் பெயர் வைத்துக்கொண்டோம். மேல் வரிசையில் இடமிருந்து காரைக்குடி (4), கோட்டையூர் (3), பள்ளத்தூர் (1). நடுவில் தேவகோட்டை (2), கண்டனூர் (2). கீழே குன்றக்குடி (1), புதுவயல் (3), வேலங்குடி (2). மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

முதலில் ஒவ்வொரு ஊரிலும் அதன் எண்ணுக்குச் சமமான கொட்டைகளை வையுங்கள். ஒரு குச்சி வைத்தால் அதன் இரு முனையிலும் ஒவ்வொரு கொட்டையை எடுத்துவிட வேண்டும். ஆக, ஊரில் மிஞ்சியிருக்கும் கொட்டைதான் அந்த ஊருக்கு இன்னும் வேண்டிய பாலம். இங்கே மொத்தம் 18 கொட்டை, ஒரு பாலத்துக்கு இரண்டு போகும், எனவே 9 பாலம். மொத்தம் ஒற்றைப்படையாக வந்தால் புதிரைப் பிரதி எடுத்ததிலேயே தப்பு. வேலங்குடியின் 2-ஐ ஒருமுறை 3 என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் மண்டையைக் குடைந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இனி கணக்கு. ஒரு ஊரை எடுத்துக்கொண்டு இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, அதற்கு இன்னும் வேண்டியது. மற்றொன்று, சுற்றியுள்ளவர்களால் தர முடிந்தது. ஒரு திசையிலிருந்து அதிகபட்சம் 2 வரும். ஆனால் அங்கே இருக்கும் ஊரில் ஒரே கொட்டைதான் மிச்சம் என்றால் 1-தான் வரும், கொட்டையே இல்லை என்றால் ஒன்றும் வராது. வேண்டியதும் வரக்கூடியதும் சமமானால் எல்லாவற்றையும் போட்டுவிடலாம், யோசிக்க ஒன்றுமில்லை.

காரைக்குடிக்கு வேண்டியது 4. கோட்டையூரிலிருந்து 2, தேவகோட்டையிலிருந்து 2, ஆக வரக்கூடியதும் 4. நான்கு குச்சிகளையும் வையுங்கள். காரைக்குடி காலி, தேவகோட்டையும் காலி. கோட்டையூரில் ஒரு கொட்டை மிச்சம்.

தேவகோட்டை முடிந்துபோனதால் குன்றக்குடிக்கு மேலே வழி அடைபட்டது. அதற்கு வேண்டிய ஒரே பாலம் புதுவயலிலிருந்துதான் வர வேண்டும், போட்டுவிடலாம். புதுவயலுக்கு இனி 2 வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலும் தடுமாறுவார்கள். புதுவயலுக்கு மேலே கோட்டையூர், வலப்பக்கம் வேலங்குடி. கோட்டையூரில் 3 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அங்கிருந்து 2 வரும் என்று எண்ணிவிடுவார்கள். எண்ணைப் பார்க்காதீர்கள், கொட்டையைப் பாருங்கள். கோட்டையூரில் ஒன்றுதான் இருக்கிறது. ஆக கோட்டையூர் 1, வேலங்குடி 2, மொத்தம் 3 வரலாம். வேண்டியது 2. ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதற்காக ஒன்றுமே தெரியாது என்று விட்டுவிட வேண்டாம். கோட்டையூர் தன் ஒன்றையும் கொடுத்தாலும் புதுவயலுக்கு ஒன்று குறைகிறது, அதை வேலங்குடிதான் தந்தாக வேண்டும். எனவே புதுவயல் – வேலங்குடி ஒரு குச்சி உறுதி. மற்ற திசைகள் எல்லாம் முழுதாகக் கொடுத்தும் போதாத பங்கு இந்தத் திசையில் கட்டாயம் என்பதுதான் இந்தப் புதிரில் நான் அதிகம் பயன்படுத்தும் கணக்கு. மூலையில் 3 இருந்தால் இரு பக்கமும் குறைந்தது ஒன்று என்று சொல்வதும் இதே கணக்குதான்.

இப்போது புதுவயலில் 1, வேலங்குடியில் 1. புதுவயலின் மிச்சத்தைக் கோட்டையூரும் தரலாம், வேலங்குடியும் தரலாம் போலத் தெரிகிறது. அவசரப்படாமல் கண்டனூருக்குப் போங்கள். அதற்கு 2 வேண்டும். தேவகோட்டை காலி. பள்ளத்தூரில் 1, வேலங்குடியில் 1. சரியாக இரண்டு! இரண்டையும் போட்டதும் பள்ளத்தூர், கண்டனூர், வேலங்குடி மூன்றும் காலி. மிஞ்சியவை புதுவயலில் ஒன்று, கோட்டையூரில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே வழி திறந்திருக்கிறது.

```
4===3   1
‖   |   |
2   |   2
    |   |
1---3---2
```

கொட்டை தீர்ந்தால் மட்டும் போதாது. ஏதாவது ஒரு ஊரில் விரலை வைத்துப் பாலம் பாலமாக நகர்த்தி எட்டு ஊரையும் தொட முடிகிறதா என்று பாருங்கள். தொட முடியாவிட்டால் நடுவில் எங்கேயோ ஊகத்தில் ஒரு குச்சி வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் உறுதியில்லாத குச்சியை நான் பாதியாக ஒடித்து வைப்பேன், கலைக்க வேண்டியது எது என்று உடனே தெரிந்துவிடும்.

இந்த 'ஒரே கூட்டம்' விதியைக் கணக்குக்குள்ளேயே கொண்டுவரவும் முடியும். இங்கே மட்டும் மிச்சமுள்ள கொட்டையை அல்ல, எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். இரண்டு 2-கள் எதிரெதிரே இருந்து, அவற்றுக்குள்ளேயே இரண்டு பாலம் போட்டால் இரண்டும் காலியாகி, மற்ற ஊர்களோடு ஒட்டே இல்லாமல் நின்றுவிடும். ஆகவே அந்தத் திசையில் 2 வரும் என்று எண்ணாமல் 1 என்றே எண்ண வேண்டும். இரண்டு 1-கள் எதிரெதிரே இருந்தால் அந்தத் திசைக்குப் பூஜ்யம்.

அப்படிப் பார்த்தால், காரைக்குடி முடிந்த கையோடு கண்டனூரைத் தீர்த்திருக்கலாம். தேவகோட்டை காலி, பள்ளத்தூர் 1, எதிரே 2-ஆக நிற்கும் வேலங்குடியிலிருந்து 1 மட்டும். வேண்டியது 2, வருவதும் 2. இதை நான் கவனித்தது குச்சியெல்லாம் வைத்து முடித்த பிறகு. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது, அப்பத்தாவும் கொட்டைகளை எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.