இடம் வாங்கிய மொத்தச் செலவு: பத்திர ரசீதில் விட்டுப்போகும் தொகை

மதுரை ஊமச்சிகுளம் பக்கம் 2024-ல் ஒரு மனை. பேசிக் கொடுத்த விலை 20,00,000 ரூபாய், அரசின் வழிகாட்டி மதிப்புப்படி 21,60,000. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆகவே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 1,51,200. பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 43,200.

ஆனால் ஆன்லைன் ரசீதில் தீர்வை 1,31,200 என்றுதான் இருக்கும். மீதி 20,000 எங்கே? பத்திரத்தின் முதல் பக்கங்களைப் புரட்டுங்கள். அந்த 20,000-ஐ முத்திரைத் தாள்களாகவே வாங்கியிருப்பார்கள். அதற்குத் தனி ரசீது கையில் இருக்காது. தாளில் அச்சான மதிப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கூட்டினால் 20,00,000 + 1,51,200 + 43,200 = 21,94,400. கவனிக்க: அடித்தளம் நீங்கள் கொடுத்த விலை. 21,60,000-ஐ வைத்துத் தொடங்கினால் கொடுக்காத பணத்தைச் செலவில் ஏற்றியதாகிவிடும்.

ஒரே கட்டணத்துக்கு இரண்டு ரசீது இருந்தால் இரண்டையும் உடனே சேர்க்காதீர்கள். முதல் முறை பணம் போய், பரிவர்த்தனை தோல்வியாகித் திரும்பியிருக்கலாம், பாஸ்புக்கைப் பாருங்கள். மாறாக, மதிப்பு குறைவென்று முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் போய்ப் பின்னால் கட்டிய வித்தியாசத் தீர்வைக்குத் தனி ரசீது இருக்கும், அதைச் சேருங்கள்.

பழைய பத்திரத்துக்கு இன்றைய சதவீதத்தைப் போட்டுப் பார்க்க வேண்டாம். 2017 ஜூனிலிருந்து 2023 மார்ச் வரை பதிவுக் கட்டணம் 4 சதவீதம்.